இரண்டு சென்டிமீட்டர்

கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம், நீல மையில் எழுதிய கடிதம். அனுப்பியவர் 24 வயது இளைஞர். காவலர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறார். அடுத்த கட்டமான உடற்கூறு அளத்தலில் அவருடைய பிரிவுக்கு வேண்டிய உயரம் 170 சென்டிமீட்டர். மைதானத்தில் சட்டத்தின் கீழ் நிறுத்திப் பார்த்தபோது 168 சொச்சம் வந்தது. ஓரமாகப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"வயது வரம்புக்குள் இன்னும் ஒரு தடவை எழுதலாம் ஐயா. இரண்டு சென்டிமீட்டர்தான். இனிமேல் வளர ஏதாவது வழி இருக்கிறதா? ஊசி போட்டால் வளரும் என்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று முடித்திருந்தார்.

ஹார்மோன் மருத்துவராக இருப்பவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கும்போது ஒருவர் கேட்பார், ராணுவத்தில் சேர வேண்டும் என்று இன்னொருவர் கேட்பார். ஆனால் இந்தக் கடிதத்தை நான் எடுத்து வைத்ததற்கு வேறு காரணம் உண்டு. கேட்ட கேள்விக்கான பதிலை, தனக்கே தெரியாமல், அவரே அந்த இரண்டு பக்கங்களுக்குள் எழுதிவிட்டிருந்தார்.

பதினான்கு வயதில் குரல் உடைந்தது என்று ஒரு வரி. பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் முதல்முறை சவரம் செய்தது இன்னொரு வரி. "பன்னிரண்டாவது படிக்கும்போது தைத்த பேண்ட் இன்றைக்கும் நீளம் சரியாக இருக்கிறது" என்று வருத்தத்தோடு ஒரு வரி. அப்பா 166, அம்மா 154 என்று அளந்தும் எழுதியிருந்தார்.

இவற்றில் அந்தப் பேண்ட்டைப் பற்றிய வரிதான் எனக்கு முக்கியம். ஏழு வருடமாகக் கால் நீளவில்லை என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஏன் நீளவில்லை என்று புரிய எலும்பின் முனைக்குப் போக வேண்டும்.

குழந்தையின் தொடை எலும்போ கால் எலும்போ நடுவில் இழுபட்டு நீளுவதில்லை. இரண்டு முனைகளுக்கும் சற்று உள்ளே, குறுக்காக ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தகடு இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்று சொல்வோம். அதற்குள் செல்கள் காசுகளை அடுக்கிவைத்ததுபோல வரிசை வரிசையாக நிற்கும். ஒரு பக்கத்தில் புதுச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். மறுபக்கத்தில் பழைய செல்கள் பருத்து, இறந்து, அவை இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகும். தட்டு அதே தடிமனில் இருக்க, எலும்பு மட்டும் அதன் பின்னால் நீண்டுகொண்டே போகும். பள்ளி வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் நாம் உயர்வது இப்படித்தான். காலின் வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு தட்டுகளின் வேலை.

இந்தச் செல்கள் என்றென்றும் பிரிந்துகொண்டே இருக்க முடியாது. ஒவ்வொரு பிரிதலோடும் அவற்றின் திறன் குறைகிறது. பருவம் வந்ததும் ஒரு பெரிய வேகம் வருகிறது, ஆண்பிள்ளைகள் அந்த உச்ச வருடத்தில் ஒன்பது பத்து சென்டிமீட்டர் கூட உயர்வார்கள். அதே பருவம்தான் தட்டின் செல்களை விரைவாகத் தீர்த்தும் விடுகிறது. தீர்ந்த இடத்தில் எலும்பு பாய்ந்து இரு பக்கமும் ஒன்றாகிவிடும். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினைந்து பதினாறுக்குள், ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு வருடம் பின்னால். ஒட்டிய தட்டை மறுபடி திறக்கும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை.

தட்டை மூடச் சொல்லும் ஹார்மோன் எது? ஆண்களுக்கு அது டெஸ்டோஸ்டிரோன்தான் என்று வெகுகாலம் மருத்துவர்களே நம்பினார்கள். 1994-ல் அமெரிக்காவில் எரிக் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். உயரம் 204 சென்டிமீட்டர். மீசை, குரல் என்று ஆணுக்குரிய எல்லாம் இருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் சரியாக இருந்தது. ஆனால் அவருடைய எலும்புகள் பதினைந்து வயதுப் பையனுடையவைபோல இருந்தன, தட்டுகள் மூடவே இல்லை, அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவர் உடலில் இயங்காமல் இருந்தது பெண் ஹார்மோன் என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாங்கி. அடுத்த ஆண்டே இன்னொருவர். வயது 24, நமக்குக் கடிதம் எழுதியவரின் வயதேதான். உயரம் இவருக்கும் 204. இவருடைய உடலால் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற முடியவில்லை. அந்த மாற்றத்தைச் செய்யும் அரோமடேஸ் என்ற நொதி பிறப்பிலேயே பழுது.

இந்த இரண்டு மனிதர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது பெரிது. ஆணானாலும் பெண்ணானாலும் எலும்பின் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன். ஆணின் உடல் தன் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித்தான் அந்த வேலையை முடிக்கிறது. ஆகவே பதினான்கில் குரல் உடைந்து, பதினாறில் தாடி முளைத்த ஒருவருக்கு ஹார்மோன் வர வேண்டிய நேரத்தில் வந்திருக்கிறது, வந்து ஏழெட்டு வருடம் தட்டின்மேல் வேலை செய்திருக்கிறது. அவருடைய தட்டுகள் 24 வயதில் திறந்திருக்க நான் எந்தக் காரணமும் காணவில்லை.

அப்படியானால் 24 வயதில் யாருக்குமே வளர்ச்சி மிச்சமில்லையா? உண்டு, மிகச் சிலருக்கு. அவர்களைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிப்பட்ட கடிதத்தை வரிவிடாமல் படிக்கிறேன்.

பருவமே வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். இருபதைத் தாண்டியும் மீசை அரும்பாது, குரல் சிறுபையனுடையதாகவே இருக்கும், பிறப்புறுப்பு வளர்ந்திருக்காது. இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, "உயரத்துக்கு மருந்து வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி உடன் வந்தவர்களுக்கு விசித்திரமாகப் படும். "மல்லிகைப் பூ வாசம் தெரியுமா? அடுப்பில் பால் தீய்ந்தால் தெரியுமா?" தெரியாது என்றால் கால்மன் நோய்க்குறித் தொகுப்பை நினைப்பேன். கருவில் இருக்கும்போது வாசனை நரம்புகளும், பருவத்தைத் தொடங்கிவைக்கும் மூளைச் செல்களும் மூக்கின் பக்கத்திலிருந்து ஒரே பாதையில்தான் மூளைக்குள் நகர்கின்றன. அந்தப் பாதை தடைபட்டால் இரண்டும் சேர்ந்தே இல்லாமல் போகும். இவர்களை நிற்கவைத்து இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்தால், அந்த அளவு உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருக்கும். பலருக்கும் இரண்டும் ஏறத்தாழச் சமம். தட்டு மூடாததால் கைகால்கள் மெதுவாக நீண்டுகொண்டே இருப்பதன் அடையாளம் இது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பதினான்கு வயதுக்குரியதாக இருக்கும். இப்படிப்பட்ட ஒருவருக்கு 24 வயதிலும் வளர்ச்சி மிச்சம் இருக்கிறது. ஆனால் அவருக்கு முதல் தேவை சென்டிமீட்டர் இல்லை, பருவத்துக்கான சிகிச்சை. எலும்பு தேயாமல் இருக்கவும் பிற்காலத்தில் பிள்ளை பெறவும் அது வேண்டும். அந்தச் சிகிச்சை தொடங்கியதும் கொஞ்சம் உயர்ந்து, பிறகு அவருடைய தட்டும் மூடும். பிட்யூட்டரி சுரப்பியே பழுதாகி வளர்ச்சி ஹார்மோனும் குறைவாக இருந்தால் எதை முதலில் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். பருவ ஹார்மோனை அவசரப்பட்டுக் கொடுத்தால், மிச்சமிருக்கும் உயரத்தையும் மூடிவிடுவோம்.

கடிதம் எழுதிய இளைஞருக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. இருந்தாலும் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வது எனக்குப் பிடிக்காது. இடது கை மணிக்கட்டை ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் பதில் போட்டேன். செலவு சில நூறு ரூபாய், கதிர்வீச்சும் மிகக் குறைவு. அந்த ஒரு படத்தில் விரல்கள், உள்ளங்கை, முன்கையின் நுனி என்று பல தட்டுகளை ஒரேயடியாகப் பார்த்துவிடலாம். எந்த வயதில் எது எப்படி இருக்கும் என்பதற்குக் கிரூலிக், பைல் என்ற இருவர் 1950-களில் வெளியிட்ட படத்தொகுப்பை இன்றைக்கும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் தட்டு கடைசியாக மூடுபவற்றில் ஒன்று. அது மூடிவிட்டால் உயரத்தைத் தரும் முழங்கால் தட்டுகள் அதற்கு முன்பே மூடியிருக்கும். அதனால்தான் காலைப் பற்றிய கேள்விக்குக் கையில் பதில் தேடுகிறோம்.

இரண்டு வாரத்தில் நேரிலேயே வந்தார். ஒல்லியாக, நிமிர்ந்து நடக்கும் பிள்ளை. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி அவரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"தட்டு திறந்திருந்தால் இந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு போகும் தம்பி. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் வெற்றிடம் மாதிரி இருக்கும். இங்கே என்ன தெரிகிறது?"

"வெள்ளையா ஒரு கோடு சார்."

"அது மூடிய தழும்பு. அதுவும் மங்கிப்போயிருக்கிறது பாருங்கள். மூடிப் பல வருடம் ஆகிவிட்டது."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் நானும் பேசவில்லை.

பிறகு அவரே ஊசியைப் பற்றிக் கேட்டார். வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்மையான மருந்து, பொய்யில்லை. ஆய்வுக்கூடத்தில் தயாரான ஊசி 1985-ல் வந்தது. அதற்கு முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள், அதனால் சில பிள்ளைகளுக்கு மூளையை அழிக்கும் கொடிய நோய் தொற்றி, அந்த முறை நிறுத்தப்பட்டது. தட்டு திறந்திருக்கும் குழந்தைக்கு, அந்த ஹார்மோன் குறைவாக இருந்தால், ஊசி அற்புதமாக வேலை செய்யும். தட்டு மூடியபின் அதே ஊசி என்ன செய்யும் என்பதை இயற்கையே நமக்குக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோவுக்குச் சிறுவயதிலேயே பிட்யூட்டரியிலிருந்து இந்த ஹார்மோன் அளவு மீறிச் சுரந்தது, தட்டுகள் திறந்திருந்தன. 1940-ல், 22 வயதில் இறந்தபோது அவர் 272 சென்டிமீட்டர். இதே மிகைச் சுரப்பு நாற்பது வயதில் ஒருவருக்கு வந்தால் ஒரு மில்லிமீட்டர்கூட உயரமாட்டார். மோதிரம் விரலில் நுழையாமல் போகும், செருப்பின் அளவு கூடும், தாடை முன்னால் துருத்தும், பல்லுக்குப் பல் இடைவெளி விழும், சர்க்கரை ஏறும், இதயம் பருக்கும். அக்ரோமெகலி என்று இதற்குப் பெயர். நோயாக வருவதைக் காசு கொடுத்து ஊசியாக வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உயரத்துக்கான பவுடர், மூன்று மாதமாகப் பாலில் கலந்து குடிக்கிறாராம். அதில் இருந்தது புரதமும் சர்க்கரையும் சில வைட்டமின்களும். சாப்பாடு போதாத சிறு குழந்தைக்கு உணவு எதுவும் உதவும், இவருக்கு உதவாது. ஆனால் அவர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்.

"பவுடர் குடிச்சு, தினமும் கம்பியில தொங்கினதுல ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கேன் சார். நானே அளந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். முதல் அளவு, வேலை முடிந்து வந்து மாலை ஏழு மணிக்கு, 168.2. இரண்டாவது, கம்பியில் தொங்கிவிட்டுக் காலை ஆறு மணிக்கு, 169.4. அந்த ஒன்றேகால் சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையே இருக்கும் வட்டுகள் நீர் ஊறிய பஞ்சு போன்றவை. படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பும், எழுந்து நடமாடினால் உடல் எடை அதைப் பிழிந்து வெளியேற்றும். காலைக்கும் மாலைக்கும் இடையே எல்லோருமே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை குள்ளமாகிறோம், அதில் பெரும்பகுதி எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே போய்விடும். எடையற்ற விண்வெளியில் விண்வெளி வீரர்கள் சில சென்டிமீட்டர் உயர்வதும், பூமிக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு வருவதும் இதனால்தான். கம்பியில் தொங்குவது வட்டைச் சிறிது நேரம் விரிக்கும். கால் எலும்பில் அது எதையும் சேர்ப்பதில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு எங்கள் அளவுச் சட்டத்தில் நிற்கவைத்தேன். குதிகால், பின்புறம், தோள்பட்டை மூன்றும் பலகையைத் தொட வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முகவாயை உயர்த்தினால் உயரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், தலையின் உச்சி பின்னால் சாய்ந்து உண்மையில் குறைந்துதான் போகும். மூச்சை உள்ளே இழுத்து நிமிரச் சொல்லி, பலகையை முடி அமுங்கும்படி இறக்கினேன். 168.9. இரண்டாம் முறை அளந்தபோதும் அதேதான். நன்றாக நிமிர்ந்து, அதிகாலையில், எல்லாம் சாதகமாக அமைந்தாலும் 170-ஐ அவர் தொடமாட்டார். அதை மழுப்பாமல் சொல்லிவிட்டேன். இன்னொரு வருடத்தை இந்த நம்பிக்கையில் அவர் செலவழிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"ஆபரேஷன்?" என்றார் மெதுவாக.

அதுவும் உண்மையில் இருக்கிறது. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர், போரில் கால் சிதைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்யும்போது 1950-களில் உருவாக்கிய முறை. எலும்பை அறுத்து, இரு துண்டுகளையும் வெளிவளையங்களில் பிணைத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நான்கு கால் மில்லிமீட்டராகப் பிரித்து இழுத்தால், இடைவெளியில் புது எலும்பு ஊறும். அதைவிட வேகமாக இழுத்தால் எலும்பு சேராது, மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். விபத்தில் ஒரு கால் குட்டையானவருக்கு இது பெரிய வரம். இவருக்கு வேண்டியதோ இரண்டு காலிலும் ஒன்றேகால் சென்டிமீட்டர். எலும்பு ஓரளவு நீளுவதற்குச் சில வாரம், அது கெட்டிப்பட மாதக்கணக்கு. தசையும் நரம்பும் எலும்போடு அதே வேகத்தில் நீளத் தயங்கும். கணுக்கால் இறுகிப்போவது, கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைப்பது, நரம்பு பாதிப்பது எல்லாம் இதில் நடப்பவை. உயரத்தில் தேறி, 1500 மீட்டர் ஓட்டத்தில் அந்தக் கால்களோடு அவர் என்ன செய்வார்? எனக்கு அது வேண்டாத பணயமாகப்பட்டது, அப்படியே சொன்னேன்.

அப்பா அம்மாவின் உயரத்தைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். 166-ம் 154-ம் சேர்த்து 320. மகனுக்கு 13 கூட்டினால் 333, அதில் பாதி 166.5. பெற்றோரின் உயரத்தை வைத்து மகனுக்கு எதிர்பார்க்கும் நடு அளவு அது, மேலும் கீழும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வரை இருப்பது இயல்பு. "உங்களுக்கு வர வேண்டிய உயரம் எங்கேயும் தொலைந்துபோகவில்லை. நடு அளவைவிடக் கூடவே வளர்ந்திருக்கிறீர்கள்" என்றேன். சிறுவயதில் சரியாகச் சாப்பிடவில்லை, பால் குடிக்கவில்லை என்று தன்னையும் அம்மாவையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் இறங்கியது.

எழுந்து படத்தை உறையில் போட்டவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி ஒருத்தன் இருக்கான் சார். எட்டாவது படிக்கிறான். அவனுக்கு இன்னும் திறந்திருக்கும்ல?"

திறந்திருக்கும். தம்பிக்குப் பதின்மூன்று. இன்னும் மீசை அரும்பவில்லையாம், வகுப்பில் முன்வரிசையாம். அதில் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை, தாமதமாகப் பூக்கும் பிள்ளைகள் பின்னால் எட்டிப் பிடித்துவிடுவார்கள். அவனுடைய உயரம் எவ்வளவு என்பதைவிட, ஒரு வருடத்தில் எவ்வளவு ஏறுகிறான் என்பதுதான் எனக்கு வேண்டும். ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்கும் கீழே போனாலோ, பதினான்கு முடிந்தும் பருவத்தின் அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலோ உடனே அழைத்து வர வேண்டும். தைராய்டு, சிறுகுடல், சிறுநீரகம், பிட்யூட்டரி என்று எங்கே கோளாறு இருந்தாலும் அந்த வயதில் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே சுவரில், காலையில் அதே நேரத்தில், வெறுங்காலோடு அளந்து தேதியோடு குறித்து வைக்கச் சொன்னேன்.

போன மாதம் ஒரு தபால் அட்டை வந்தது. அதே நீல மை. வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறாராம். முதல் கோடு 146.5. ஆறு மாதம் கழித்து இரண்டாவது, 149.8. "காலை ஏழு மணிக்குத்தான் அளந்தேன் ஐயா, முகவாயைத் தூக்கவிடவில்லை" என்று எழுதியிருந்தார்.